தூள் உலோகக் கியர்: அழுத்துவது, சுடுவது, எஞ்சும் துளை பலத்தைக் குறைப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"பழைய மெஷின் ஒன்றின்ர கியர் உடைஞ்சு போச்சு. உடைஞ்ச முகம் சாம்பல் நிறமா, மணல் மணலா இருக்கு. இது வார்ப்பிரும்பா, இல்லை தூளை அழுத்திச் செய்ததா?"

ஒரு துளி மெல்லிய எண்ணெயை உடைந்த முகத்தில் விட்டுப் பாருங்கள். தூளில் செய்த, இன்னும் எண்ணெய் ஊறி நிரம்பாத பாகம் என்றால் துளி சில நிமிடத்தில் உள்ளே இறங்கிவிடும். வார்ப்பிரும்பில் அது மேலேயே பரவிக் கிடக்கும். இன்னொரு வழியும் உண்டு. பழைய பாகத்தை மெல்லச் சூடாக்கினால், பல வருடம் குடித்த எண்ணெய் வியர்வை போல வெளியே கசியும். பற்களின் பக்கங்களில் கட்டர் ஓடிய கோடு இருக்காது. தூளை இட்டு அழுத்தும் அச்சான டையின் சுவரில் உரசி வெளியே வந்த நேர்க்கோடுகள்தான், கியரின் தடிப்பு வழியே தெரியும்.

அடர்த்தியை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சாம்பல் வார்ப்பிரும்பின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 7.1, 7.2 கிராம் என்று நிற்கும். நன்றாக அழுத்திய தூள் பாகமும் அதே எண்ணைத் தரக்கூடும்.

இனி வரும் பதில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பாகத்தை எடுத்துக்கொள்கிறோம்: வெளிவிட்டம் 40 மில்லிமீற்றர், நடுத்துளை 12 மில்லிமீற்றர், தடிப்பு 12 மில்லிமீற்றர். கணக்கு இலகுவாக இருக்கப் பல்லிடை வெட்டுகளை விட்டுவிட்டு வெறும் வளையமாகவே கொள்கிறோம்.

"என்ன தூள், எவ்வளவு சேர்க்க வேணும்? வெறும் இரும்புத் தூள் காணாதா?"

வெறும் இரும்பை அழுத்திச் சுட்டால் மெதுவான பாகம்தான் கிடைக்கும். கியருக்கு வழக்கமாக எடுப்பது இரும்பு, 2 வீதம் செம்பு, 0.8 வீதம் காபன் கொண்ட கலவை. ஒரு கிலோ கலவைக்கு நீர்த்தாரையால் உடைத்த இரும்புத் தூள் 963.5 கிராம், செப்புத் தூள் 20 கிராம், கிராபைட்டு 9 கிராம், மசகாக நாகத் தியரேற்று அல்லது அதற்கான மெழுகுத் தூள் 7.5 கிராம். கிராபைட்டை 8 கிராமோடு நிறுத்தாததற்குக் காரணம் இருக்கிறது. இரும்புத் தூளின் மேல் எப்போதும் கொஞ்சம் ஒட்சைட்டு இருக்கும். சூளையில் அந்த ஒட்சிசனோடு சேர்ந்து காபனில் ஒரு பங்கு வாயுவாகப் போய்விடும். மீதி 0.8 வீதம் அளவில் உருக்கில் கரைந்து நிற்கும்.

கிராபைட்டு என்றதும் பென்சில் குச்சியை அரைக்க யோசிக்க வேண்டாம், அதில் களி கலந்திருக்கும். இலங்கையில் போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் எடுக்கப்படும் நரம்புக் காரீயம் தூய்மைக்குப் பேர்போனது. ஆனால் கல்லாகவோ குறுணியாகவோ போட்டால் பயனில்லை, சில பத்து மைக்குரோனுக்குள் அரைத்த மாவாக இருக்க வேண்டும். பெரிய குறுணி போட்டால் அது கரைந்து போன இடம் பெரிய துளையாக எஞ்சும்.

இரட்டைக் கூம்பு உருளையில் 20 முதல் 30 நிமிடம் கலப்பது போதும். "இன்னும் நல்லாக் கலக்கட்டும்" என்று மணிக்கணக்காகச் சுழற்றினால் மசகு தூளின் மேல் பூசுண்டு, தூள் ஓடும் விதமும் டையில் நிரம்பும் அளவும் மாறிவிடும். கலந்த தூளை மோட்டார்சைக்கிளில் வாளியோடு குலுக்கிக் கொண்டுபோவதும் கூடாது. கிராபைட்டு இலேசு, இரும்பு பாரம். குலுக்கத்தில் இரண்டும் பிரிந்து, ஒரு கியரில் காபன் கூடியும் அடுத்ததில் குறைந்தும் போகும்.

கடற்காற்று அடிக்கும் இடத்தில் தூளைத் திறந்து வைக்கக்கூடாது. ஈரமும் உப்பும் பட்ட தூள் ஒட்சைட்டுப் படலம் ஏறிக் கடினமாகிவிடும். அதே அமுக்கத்தில் அது குறைந்த அடர்த்திதான் தரும், சூளையில் காபனையும் கூடத் தின்னும்.

"எங்கட பட்டறையில பியரிங் அடிக்கிற 20 தொன் ஹைட்ரோலிக் பிரஸ் இருக்கு. அது காணுமா?"

இந்தக் கியருக்குக் காணாது. வளையத்தின் முகப் பரப்பு 1143 சதுர மில்லிமீற்றர். இரும்புத் தூளை 6.8 அடர்த்திக்குக் கட்ட ஏறத்தாழ 500 மெகாபஸ்கல் அமுக்கம் தேவை, அதாவது ஒவ்வொரு சதுர மில்லிமீற்றருக்கும் 500 நியூற்றன். பெருக்கினால் 572 கிலோநியூற்றன், ஏறத்தாழ 58 தொன். உங்கள் 20 தொன்னை அதே பரப்பில் பரப்பினால் 172 மெகாபஸ்கல்தான் வரும். அடர்த்தி 5.5க்கும் 5.8க்கும் இடையில் நின்றுவிடும். அப்படிச் செய்த கியர் பார்வைக்குக் குறையில்லாமல் இருக்கும், சுட்டாலும் இறுகும். ஆனால் அதன் நாலில் ஒரு பங்கு வெறும் வெளி.

20 தொன்னுக்கு ஏற்ற வேலை ஒன்று உண்டு. வளைத்து உடைத்துப் பலம் பார்க்கும் நியமச் சோதனைத் துண்டின் முகம் 31.75 × 12.7 மில்லிமீற்றர், பரப்பு 403 சதுர மில்லிமீற்றர். அதில் 20 தொன் 487 மெகாபஸ்கலைத் தரும். தொழில்நுட்பக் கல்லூரி மாணவரோ, கிளிநொச்சியில் உள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்து மாணவரோ அடர்த்திக்கும் பலத்துக்கும் உள்ள உறவைக் கையால் அளந்து பார்க்க இந்தத் துண்டே போதும். டை கடினமாக்கிய கருவி உருக்கில் இருக்க வேண்டும், பிரஸ்சுக்கு முன் தடித்த கவசத் தகடு கட்டாயம். கடினமான டை வெடித்தால் துண்டுகள் தோட்டா போலப் பறக்கும்.

கியருக்கு டையில் எவ்வளவு ஆழத்துக்குத் தூள் நிரப்புவது என்பதும் இங்கேயே வரும். கொட்டிய தூளின் அடர்த்தி ஏறத்தாழ 3.0, அழுத்திய பின் 6.8. ஆகவே 12 மில்லிமீற்றர் கியருக்கு 27.2 மில்லிமீற்றர் ஆழம் நிரப்ப வேண்டும். நிறை 93.3 கிராம். ஒவ்வொரு முறையும் ஆழத்தை மட்டும் நம்பாமல், அழுத்திய துண்டை நிறுத்துப் பாருங்கள். நிறை குறைந்த துண்டை அதே தடிப்புக்கு அழுத்தினால் குறைவது அடர்த்திதான்.

"அமுக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனால் துளையே இல்லாமல் பண்ண ஏலாதா?"

ஏலாது, அதற்கு முக்கியமான காரணம் மசகு. 7.5 கிராம் என்பது நிறையில் அற்பம். ஆனால் அதன் அடர்த்தி ஒன்றைச் சுற்றியே இருப்பதால் இடத்தை நன்றாக அடைக்கும். ஒரு கிலோ கலவையில் இரும்பு 122.4 கன சென்ரிமீற்றர், செம்பு 2.2, கிராபைட்டு 4.1, மசகு 7.3. கூட்டினால் 136. ஆக, கலவையில் ஒரு துளி காற்றும் இல்லாவிட்டாலும் அடர்த்தி 7.35க்கு மேல் போகாது. நடைமுறையில் அதில் 98 வீதத்தை எட்டினாலே பெரிய காரியம், அது 7.2. அதற்கு மேல் அமுக்கத்தைக் கூட்டினால் கூடுவது டையின் தேய்மானமும், வெளியே தள்ளும்போது வரும் வெடிப்பும்தான். சூளையில் மசகு எரிந்து போனதும் அது இருந்த இடமெல்லாம் துளையாகவே மிஞ்சும்.

மசகைக் குறைத்தால் என்ன என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். குறைக்கலாம், டைச் சுவரில் மட்டும் பூசியும் வேலை செய்வார்கள். ஆனால் மசகு காணாமல் போனால் துண்டு டைக்குள் சிக்கி, சுவர் பிறாண்டுப்பட்டு, ஒரு டையின் விலையை அங்கேயே தொலைப்பீர்கள்.

"அழுத்தி எடுத்த துண்டில கிடையா மெல்லிய வெடிப்பு வருது. சுட்டால் ஒட்டிவிடாதா?"

ஒட்டாது. வெடிப்பின் இரு கரைகளும் ஒன்றையொன்று தொடாததால் சூளையில் அது அப்படியே எஞ்சும், பெரும்பாலும் இன்னும் விரியும்.

டைக்குள் நெரிபட்டு நிற்கும் துண்டு, வெளியே வந்ததும் 0.1 முதல் 0.3 வீதம் வரை விரிகிறது. பாதி வெளியே வந்து விரிந்தும், மீதிப் பாதி உள்ளே இறுகியும் நிற்கும் அந்தக் கணத்தில்தான் படைபடையாகப் பிளக்கும். டையின் வாய் கூரிய விளிம்போடு இருந்தால் இது நிச்சயம் வரும். வாயை மெல்ல உருட்டி விடுவதும், மேல் பஞ்ச் சிறிது பாரத்தோடு துண்டைப் பிடித்துக்கொண்டிருக்கக் கீழ்ப் பஞ்ச் தள்ளுவதும் இதற்கான மருந்து. பஞ்ச் மிக வேகமாக இறங்கிக் காற்று உள்ளே அகப்பட்டாலும் இதே போன்ற வெடிப்பு வரும்.

வெடிப்பைக் கண்டுபிடிக்க, அழுத்திய துண்டில் விரைவாக உலரும் ஸ்பிரிட்டைத் தூரிகையால் பூசுங்கள். முகம் முழுக்க உலர்ந்த பின்னும் வெடிப்பு ஈரக் கோடாக நிற்கும். சுடாத துண்டைக் கையாளும்போது பச்சைச் செங்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். உருவம் நிற்கும், ஆனால் விளிம்பைத் தட்டினால் உதிரும்.

வெடிப்பை விடக் கள்ளமான இன்னொரு குறை அடர்த்தி வேறுபாடு. தூள் திரவம் அல்ல. மேலிருந்து கொடுக்கும் அமுக்கம் டைச் சுவரின் உராய்வில் கரைந்து கரைந்து, கீழே போகக் குறையும். மேலிருந்து மட்டும் அழுத்தினால் அடிப்பக்கம் தளர்வு. இரு பக்கமும் அழுத்தினால் நடு மட்டம் தளர்வு. பல்லின் நுனிக்குள் தூள் சரியாக இறங்காவிட்டால் பல் தளர்வு. முழுக் கியரையும் நிறுத்து "6.7" என்று எழுதிவைத்தாலும் பல் 6.3ஆக இருக்கக்கூடும், உடையப் போவதும் அந்தப் பல்தான். முதல் தொகுதியில் ஒரு கியரைப் பலியிட்டுத் துண்டுதுண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் அடர்த்தியையும் தனித்தனியாக அளப்பது வீண் செலவு அல்ல.

"1120 பாகையில் சுடுகிறார்கள். அவ்வளவு சூட்டில் துளைகள் உருகி மூடிவிடும்தானே?"

அதிகமானோர் பிழையாக விளங்கிக்கொள்வது இதைத்தான். இரும்பு உருகுவது 1538 பாகை செல்சியசில். 1120இல் இரும்புத் துகள் எதுவும் உருகாது. திண்மமாக இருந்தபடியே அணுக்கள் நகர்கின்றன, இரண்டு துகள் தொடும் புள்ளியில் ஒரு கழுத்து வளர்கிறது. சின்டரிங் என்பது இந்தக் கழுத்தை வளர்ப்பதுதான்.

கழுத்தை நிரப்ப அணுக்கள் எங்கிருந்து வருகின்றன என்பதில்தான் விசயம் இருக்கிறது. துகளின் மேற்பரப்பிலிருந்து ஊர்ந்து வந்தால் கழுத்து தடிக்கும், ஆனால் இரண்டு துகளின் மையமும் ஒன்றையொன்று நெருங்காது, துளையின் கொள்ளளவும் குறையாது. மூலைகள் மழுங்கித் துளை உருண்டு வரும், அவ்வளவே. துகள்களுக்கு இடையில் உள்ள எல்லையிலிருந்து அணுக்கள் வெளியேறினால்தான் மையங்கள் கிட்டவரும், பாகம் சுருங்கும். நூறு மைக்குரோனை அண்டிய இரும்புத் தூளில், 20 முதல் 30 நிமிடச் சூட்டில், இந்த இரண்டாவது வேலை பெரிதாக நடப்பதில்லை. 20 மைக்குரோனுக்கும் குறைந்த மாவை ஊசி வார்ப்பாகச் செய்யும் முறையில் அது நடக்கும். அங்கே பாகம் நீளத்தில் 15, 20 வீதம் சுருங்கும், துளையும் பெரும்பாலும் போய்விடும்.

எங்கள் கியரில் செம்பு எதிர்ப்பக்கம் இழுக்கிறது. 1085 பாகையில் அது உருகி, துகள்களுக்கு இடையிலும் தானிய எல்லைகளிலும் ஊடுருவி அவற்றைத் தள்ளிவைக்கிறது. காபன் இந்த வீக்கத்தைக் கொஞ்சம் அடக்கும். முடிவில் கியர் 0.2 வீதம் பெருத்தது என்று வைப்போம். கொள்ளளவு 13.72 கன சென்ரிமீற்றரிலிருந்து 13.80 ஆகும். மசகும் கொஞ்சக் காபனும் போனதால் நிறை 93.3 கிராமிலிருந்து 92.5க்கு இறங்கும். அடர்த்தி 6.80ஆக உள்ளே போய் 6.70ஆக வெளியே வருகிறது. சூளை அடர்த்தியைக் கூட்டவில்லை, குறைத்திருக்கிறது! இருந்தும் பலம் சில பத்து மடங்கு ஏறிவிட்டது. கழுத்துகள் வளர்ந்ததும், காபன் இரும்புக்குள் கரைந்து பேர்லைற்று என்ற பலமான நுண்ணமைப்பு உருவானதும்தான் காரணம்.

சுருக்கம் இல்லாததை ஒரு குறையாகப் பார்க்க வேண்டாம். அளவு மாறாமல் வருவதால்தான் இந்தக் கியரை மறுபடி கடையாமல் பூட்ட முடிகிறது. அந்த வசதிக்குக் கொடுக்கும் விலைதான் எஞ்சும் துளை.

"துளை 14 வீதம் என்றால் பலமும் 14 வீதம்தானே குறையும்?"

இல்லை, அதைவிட மூன்று மடங்குக்கு மேல் குறையும்.

இந்தக் கலவைக்கு அமெரிக்காவின் உலோகத் தூள் தொழிற்றுறைக் கூட்டமைப்பான எம்.பி.ஐ.எஃப். வெளியிடும் தரநியமம் 35 தரும் வழக்கமான இழுவிசைப் பலங்களைப் பாருங்கள். அடர்த்தி 5.8 என்றால் 240 மெகாபஸ்கல், 6.3 என்றால் 340, 6.7 என்றால் 410, 7.2 என்றால் 520. துளையில்லாத அடர்த்தியை 7.8 என்று எடுத்தால் இவற்றின் துளைவீதம் முறையே 25.6, 19.2, 14.1, 7.7. இந்த நாலு புள்ளிகளும் ஏறத்தாழ இந்தக் கோட்டில் விழும்:

```
σ = 724 × e^(−4.3 × P)
```

σ என்பது மெகாபஸ்கலில் இழுவிசைப் பலம். P என்பது துளைப் பங்கு, 14.1 வீதம் என்றால் 0.141. போட்டுப் பார்த்தால் 395 வரும், தரநியமத்தின் 410க்குக் கிட்ட. மனதில் வைத்திருக்க வேண்டியது இவ்வளவே: துளை ஒவ்வொரு வீதம் கூடும்போதும் பலம் ஏறத்தாழ 4 வீதம் விழும். 724 என்பது துளையே இல்லாவிட்டால் என்று கோட்டை நீட்டிப் பெற்ற மதிப்பீடு. அதோடு ஒப்பிட்டால் 14 வீதத் துளை 45 வீதப் பலத்தை எடுத்துவிட்டது.

ஏன் இப்படி? பாரத்தைத் தாங்குவது கியரின் முழு வெட்டுமுகம் அல்ல, துகள்களை இணைக்கும் கழுத்துகள்தான். துளை கொள்ளளவில் 14 வீதமாக இருந்தாலும், துகள்கள் சந்திக்கும் மட்டங்களிலேயே அது குவிந்து கிடக்கிறது. வெடிப்பு நேர்கோட்டில் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒவ்வொரு துளையாகத் தாண்டி, உலோகம் குறைந்த வழியைத் தேடிப் போகும். அந்த வழியில் உள்ள உலோகம் சராசரியை விட மிகக் குறைவு.

இதன் மேல் தகைப்புக் குவிவு வேறு. இழுக்கப்படும் தகட்டில் வட்டத் துளை ஒன்று இருந்தால் அதன் ஓரத்தில் தகைப்பு மூன்று மடங்காகும். உருண்டைக் குழியானால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. கூரிய மூலையுள்ள துளையில் அதைவிடக் கூடும். அரைகுறையாகச் சுட்ட பாகத்தில் துளைகள் முள்முள்ளாக இருப்பதால், அதே அடர்த்தியில் நன்றாகச் சுட்ட பாகத்தை விட அது பலவீனமாக நிற்பது இதனால்தான்.

எல்லாக் குணமும் ஒரே வேகத்தில் விழுவதில்லை. மீள்தன்மை மட்டு திண்ம உருக்கின் 205 கிகாபஸ்கலிலிருந்து, 6.7 அடர்த்தியில் 120ஐ அண்டி வரும். ஆகவே அதே பாரத்துக்குப் பல் கூட வளையும். மோசமாக அடிபடுவது நீட்சிதான், இந்தக் கலவையில் உடையும் முன் நீளுவது 1 வீதத்துக்கும் குறைவு. இழுத்துப் பார்க்கும் துண்டு இடுப்பு ஒடுங்காமல் பட்டென்று முறியும். திடீர் அடி விழும் இடத்துக்கு இதைப் போடக்கூடாது என்பது இதிலிருந்தே தெரியும். நெருக்கும் பாரத்தில் மட்டும் துளை அவ்வளவு கெடுதல் செய்யாது, வெடிப்பைத் திறந்து விரிக்க அங்கே ஆள் இல்லை.

கியருக்குக் கணக்குப் போட வேண்டியது களைப்பை வைத்துத்தான், அதாவது திரும்பத் திரும்ப வரும் பாரத்துக்கு. இந்த வகை உருக்கில் களைப்பு எல்லை இழுவிசைப் பலத்தின் 0.38 மடங்கு என்று எடுப்பார்கள். பல்லின் அடியில் 170 மெகாபஸ்கல் மாறுதகைப்பு வருகிறது என்று வைப்போம். அடர்த்தி 7.2இல் எல்லை 198, தாங்கும். 6.7இல் 156, கொஞ்சக் காலம் ஓடிப் பல் விழும். பல் மட்டும் 6.3ஆக இருந்தால் 129, சீக்கிரமே விழும். மூன்று கியரும் மேசையில் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

"அடர்த்தியைப் பட்டறையிலேயே அளக்க வழி உண்டா? தண்ணீரில நிறுத்தால் 7.6 என்று வருது, நம்ப ஏலாமல் கிடக்கு."

நம்ப வேண்டாம். தண்ணீர் துளைக்குள் புகுந்துவிட்டது. முதலில் துளைகளை எண்ணெயால் அடைக்க வேண்டும்.

0.01 கிராம் காட்டும் தராசு ஒன்று, மெல்லிய கம்பி, தண்ணீர்ப் பாத்திரம் போதும். எண்ணெய் இல்லாத உலர்ந்த கியரை நிறுங்கள், அது A. பிறகு 65 முதல் 80 பாகை வரை சூடான மெல்லிய எண்ணெயில் நாலு மணித்தியாலம் அமிழ்த்தி, எண்ணெயோடேயே ஆறவிட்டு, வெளிப்பக்கத்தை மட்டும் துணியால் துடைத்து நிறுங்கள், அது B. அடுத்து கம்பியில் தொங்கவிட்டுத் தண்ணீருக்குள் நிறுத்து, கம்பியின் நிறையைக் கழியுங்கள், அது C. தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் காற்றுக் குமிழ் ஒட்டாது. யாழ்ப்பாணத்து அறைச் சூடான 30 பாகையில் தண்ணீரின் அடர்த்தி 0.9957. கியரின் அடர்த்தி D என்றால்:

```
D = A × 0.9957 / (B − C)
  = 92.50 × 0.9957 / (94.00 − 80.26)
  = 6.70
```

துளைவீதம் 1 − 6.70/7.8, அதாவது 14.1. எண்ணெய் 1.50 கிராம் ஏறியிருக்கிறது. எண்ணெயின் அடர்த்தி 0.88 என்றால் 1.70 கன சென்ரிமீற்றர், கியரின் கொள்ளளவில் 12.3 வீதம். 14.1இல் 12.3 வெளியோடு தொடர்புள்ள துளை, மீதி மட்டும் அடைபட்டது. எண்ணெய் இல்லாமல் அமிழ்த்தி, அந்த 1.70இலும் தண்ணீர் நிரம்பினால் கொள்ளளவு 12.10 போலத் தெரியும், அடர்த்தி 7.64 என்று வரும். உங்களுக்கு வந்த 7.6 அதுதான்.

"உடைஞ்சதுக்குக் காரணம் குறைஞ்ச அடர்த்தியா, சரியாச் சுடாததா? எப்படிப் பிரிச்சறியிறது?"

முதலில் மேலே சொன்னபடி அடர்த்தியை அளந்து பாருங்கள், முழுக் கியரில் அல்ல, உடைந்த பல்லின் துண்டில். அது சரியாக இருந்தும் உடைந்திருந்தால் சூளையைச் சந்தேகியுங்கள். உடைந்த முகத்தைப் பத்து மடங்கு வில்லையில் பார்த்தால், நன்றாகச் சுட்டதில் சின்னச் சின்னப் பளபளப்புப் புள்ளிகள் தெரியும், கழுத்துகள் கிழிந்த இடங்கள் அவை. சரியாகச் சுடாததில் துகள்கள் தம் தம் உருவத்தோடு மங்கலாகப் பிரிந்திருக்கும், கரையாத கிராபைட்டு கருமையாகக் கையில் ஒட்டும். கல்லில் தட்டிப் பார்த்தால் நல்லது கிணுங்கும், வேகாததும் வெடித்ததும் மொத்தென்று கேட்கும்.

அரம் போட்டால் மேற்தோல் மென்மையாகவும் உள்ளே கடினமாகவும் இருந்தால், சூளை வாயு மேற்பரப்புக் காபனைத் தின்றிருக்கிறது. நீலம், கறுப்பு என்று நிறம் ஏறியிருந்தால் ஆறும்போது காற்றுப் பட்டிருக்கிறது. பொரி போலக் கொப்புளித்து வெடித்திருந்தால் மசகு எரிந்து போக நேரம் கொடுக்காமல் சூடேற்றியிருக்கிறார்கள்.

நுணுக்குக்காட்டியில் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மினுக்கும்போது மெதுவான உலோகம் இழுபட்டுத் துளைகளை மூடிவிடும், பாகம் இருப்பதை விட அடர்த்தியாகத் தெரியும். பிசின் ஊறவிட்டு, மினுக்கி, 2 வீத நைத்திரிக்கமில மதுசாரத்தில் அரித்து, திரும்ப மினுக்கி, துளைகளின் பரப்பு மாறாமல் நிற்கும் வரை செய்ய வேண்டும்.

"ஐதரசன் சூளை எங்களிட்ட இல்லை. பெட்டிக்குள்ள கரி போட்டு மூடிச் சுட ஏலாதா?"

சோதனைத் துண்டுக்கு ஏலும், விற்கும் பாகத்துக்கு வேண்டாம். மூடிய உருக்குப் பெட்டியில் மரக்கரி கொடுக்கும் காபனோரொட்சைட்டு ஒட்சிசனைத் தடுக்கும். ஆனால் காபன் எவ்வளவு ஏறும் என்பது உங்கள் கையில் இல்லை. மசகை முதலில் 550 முதல் 650 பாகையில், பெட்டியை மூடாமல் காற்றோட்டமான இடத்தில் மெதுவாகப் போக்கவும் முடியாது, இரும்பு ஒட்சியேறிவிடும். மூடியே போக்கினால் புகை உள்ளே கரியாகப் படியும்.

ஆலைகளில் 90 வீத நைதரசனும் 10 வீத ஐதரசனும், அல்லது அமோனியாவை உடைத்த வாயு. ஐதரசன் உள்ள எந்த வாயுவையும் 750 பாகைக்குக் கீழே உள்ள சூளைக்குள் விடக்கூடாது. அந்தச் சூட்டுக்குக் கீழே அது உடனே தீப்பற்றும் என்று நம்ப முடியாது, காற்றோடு கலந்து தேங்கி, பின்பு ஒரே வெடியாக வெடிக்கலாம். முதலில் நைதரசனால் காற்றை வெளியேற்றுவதும், மின்சாரம் நின்றால் தானாக நைதரசன் திறக்கும் வால்வு வைப்பதும் இங்கே கட்டாயம்.

"பலத்தைக் கூட்ட வேணும், ஆனால் பிரஸ்சை மாற்ற ஏலாது. என்ன வழி?"

முகப் பரப்பைக் குறைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். பாரம் தாங்காத நடு உடலில் ஓட்டைகள் விட்டால் அதே தொன்னில் பல்லுக்குக் கிடைக்கும் அமுக்கம் கூடும்.

அடுத்தது இரண்டு முறை அழுத்துவது. ஒரு முறை அழுத்தி, 800 பாகையை அண்டி இலேசாகச் சுட்டால் மசகு போய், நெரிபட்டுக் கடினமான இரும்பு மறுபடி மெதுவாகும். கிராபைட்டு அந்தச் சூட்டில் பெரிதாகக் கரையாது. திரும்ப அழுத்திக் கடைசியாக 1120இல் சுட்டால் 7.3க்கு மேலும் போகலாம். செலவு கிட்டத்தட்ட இரட்டிப்பு.

செம்பு ஊட்டுதல் இன்னொன்று. கியரின் மேல் செப்புக் கட்டி ஒன்றை வைத்துச் சுட்டால், உருகிய செம்பு நுண்புழையேற்றத்தால் துளைகளுக்குள் ஏறி நிரப்பும். துளை தொடர்ச்சியாக இருந்தால்தான் ஏறும். எங்கள் 6.7 கியருக்கு இது பொருந்தும், 7.3இல் துளைகள் அடைபட ஆரம்பித்திருக்கும். தூளையும் டையையும் 120 முதல் 150 பாகைக்குச் சூடாக்கி அழுத்தினால் 0.1 முதல் 0.2 வரை அடர்த்தி கூடும், அதற்கென்று தனி மசகு வேண்டும்.

சுட்ட பின் பழுக்கக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்க நினைப்பவர்கள் எண்ணெயில் மட்டும் தோய்த்தெடுங்கள். தண்ணீரோ உப்புக் கரைசலோ துளைக்குள் தங்கி, பாகத்தை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். முலாம் பூசும் கரைசலுக்கும் இதே கதைதான், முதலில் துளைகளைப் பிசினால் அடைக்க வேண்டும்.

"உடைஞ்ச தூள் கியருக்குப் பதிலா உருக்கில லேத்தில கடைஞ்சு பல்லு வெட்டிப் போடலாமா? இல்லை வெல்டிங் பிடிக்குமா?"

கடைந்து போடலாம். நடுத்தரக் காபன் உருக்கில் வெட்டிய கியர் பலத்தில் 6.7 கியரைத் தாண்டும். இரண்டை மட்டும் கவனியுங்கள். திண்ம உருக்கின் விறைப்பு கூட, பல்லின் விலகலும் ஒலியும் மாறும். பழைய கியர் எண்ணெய் குடித்து வைத்திருந்தது, புதியது வைத்திருக்காது. எண்ணெய் குறைந்த இடமானால் அதற்கு வழி செய்யுங்கள்.

வெல்டிங் வேண்டாம். துளையில் உள்ள எண்ணெய் கொதித்து ஒட்டுக்குள் குமிழாக நிற்கும். எண்ணெயை எரித்துப் போக்கினாலும், உருகிய இடம் சுருங்கித் துளையுள்ள பக்கத்தை இழுத்து அருகிலேயே வெடிக்கும்.

"மேசை ஃபேனில வரும் வெண்கலப் புஷ்சும் இதே முறைதானே? அதில துளையைக் குறைச்சால் கன நாள் பாவிக்குமா?"

முறை ஒன்றுதான், நோக்கம் நேர்மாறு. அங்கே செம்பு 90, தகரம் 10 வீதக் கலவையைக் குறைந்த அமுக்கத்தில் அழுத்தி, ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத் துளையை வேண்டுமென்றே விட்டு, அதில் எண்ணெய் ஊற்றிவைப்பார்கள். தண்டு சுழன்று சூடேறும்போது எண்ணெய் வெளியே வரும், நின்றதும் திரும்ப உறிஞ்சப்படும். ஆகவே இறுக்கமாக இருக்கிறது என்று உள்துளையை எமரித்தாளால் தேய்த்துவிடாதீர்கள். மேற்பரப்புத் துளைகள் இழுபட்டு மூடிப்போய், புதுப் புஷ்சும் சில நாளில் கீச்சிடும். அளவு குறைவாக இருந்தால் மினுக்கிய கடின ஊசியொன்றை அழுத்தி ஊடே தள்ளி விரிக்கலாம். அதுவும் ஒரு மில்லிமீற்றரின் நூறில் இரண்டு, மூன்று பங்குக்குள்.